காரின் பேட்டரியில் வீட்டை ஓட்டுவது: இரவு முழுவதுமா, மாலை மட்டுமா, மின்வெட்டுக்கு மட்டுமா?

இரவு பதினொன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். குளிர்சாதனப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள், இணைய மோடம், மாடிப்படியில் ஒரு சிறிய விளக்கு. இவ்வளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் வரும் கம்பியில் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன்: 310 வாட். காருக்குச் சென்று, அதன் கண்டறி சாக்கெட்டில் செருகியிருந்த சிறு கருவியின் வழியே பேட்டரியிலிருந்து வெளியேறும் மின்னோட்டத்தைப் படித்தேன்: 350 வோல்ட்டில் 1.8 ஆம்பியர். பெருக்கினால் 630 வாட். வீடு கேட்டது 310. பேட்டரி கொடுத்தது 630. மீதி 320 வாட் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை.

மின்சாரக் காரின் பேட்டரியை வீட்டுக்குப் பயன்படுத்தினால் அதன் ஆயுள் குறையுமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த 320 வாட்டைப் பற்றித்தான். பேட்டரி தேய்வதைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தத் தேய்மானம் எவ்வளவு என்பதை, வீட்டுக்கு எத்தனை யூனிட் எடுக்கிறோம் என்பது மட்டும் முடிவு செய்வதில்லை. அதை எவ்வளவு நேரம் இழுத்து, எந்த வேகத்தில் எடுக்கிறோம் என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. அதே 6 யூனிட்டை நான்கு மணி நேரத்தில் எடுப்பதும் பன்னிரண்டு மணி நேரத்தில் எடுப்பதும் பேட்டரிக்கு ஒன்றல்ல.

நம் முன்னே உள்ள வழிகள் நான்கு. காரிலிருந்து வீட்டுக்கு எதுவும் எடுக்காமல், வீட்டுக்கென்று தனியாக ஒரு பேட்டரி வைத்துக்கொள்வது. மின்வெட்டு வரும்போது மட்டும் காரிலிருந்து எடுப்பது. தினமும் மாலையில் மின்தேவை உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் மட்டும் காரிலிருந்து எடுப்பது. மாலை முதல் காலை வரை வீடு முழுவதையும் காரிலேயே ஓட்டுவது. கடைசி வழிதான் விளம்பரப் படங்களில் அழகாகத் தெரியும். நிதானமாகக் கணக்குப் போட வேண்டியதும் அதற்குத்தான்.

செல்லுக்குள் என்ன தேய்கிறது

லித்தியம் அயான் பேட்டரிக்கு இரண்டு விதமான முதுமை உண்டு. ஒன்று, சும்மா வைத்திருந்தாலே வருவது. எதிர்முனையில் உள்ள கிராஃபைட்டின் மேல் மிக மெல்லிய ஒரு படலம் முதல் நாளிலிருந்தே படிகிறது. அந்தப் படலம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கத் தடிக்க, பயன்பட வேண்டிய லித்தியத்தை அது தன்னுள் பூட்டிக்கொள்கிறது. பேட்டரி நிறைந்த நிலையில் நீண்ட நேரம் கிடந்தால் இது வேகமாக நடக்கும். வெப்பம் கூடினால் இன்னும் வேகமாக நடக்கும். புதிதில் விரைவாகவும் போகப் போக மெதுவாகவும் நடப்பதால், முதல் இரண்டு ஆண்டுகளில் தெரியும் இழப்பைப் பார்த்து யாரும் பயந்துவிடத் தேவையில்லை.

இரண்டாவது, பயன்படுத்துவதால் வருவது. லித்தியம் உள்ளே நுழையும்போது கிராஃபைட் உப்புகிறது. முழுவதும் நிறைந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ பத்து சதவீதம் கூடும். வெளியேறும்போது சுருங்குகிறது. உப்பிச் சுருங்கும்போது மேலே படிந்த படலத்தில் விரிசல் விழுகிறது; விரிசல் விழுந்த இடத்தில் புதுப் படலம் படிகிறது; அதற்கும் லித்தியம் செலவாகிறது. நிறையிலிருந்து வெறுமை வரை போய் வந்தால் உப்பலும் சுருங்கலும் அதிகம். 70 சதவீதத்திலிருந்து 55 வரை இறங்கித் திரும்பினால் மிகக் குறைவு. அதனால், 15 சதவீதம் வீதம் ஏழு முறை இறக்கி ஏற்றுவது, ஒரே முறை முழுவதும் இறக்கி ஏற்றுவதைவிடச் செல்லுக்கு மென்மையானது. இரண்டிலும் ஏறத்தாழ அதே அளவு மின்சாரம்தான் போய் வந்திருக்கும். காயம் மட்டும் வேறு.

வீட்டுப் பயன்பாடு எவ்வளவு மென்மையானது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். 350 வோல்ட் பேட்டரியின் உள் தடை மொத்தம் 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 1.8 ஆம்பியர் கொடுக்கும்போது அந்தப் பேட்டரிக்குள் உண்டாகும் வெப்பம் மூன்றில் ஒரு வாட். கைப்பேசி கூட அதைவிட அதிகம் சூடாகும். அதே காரில் முந்திச் செல்வதற்காக ஆக்சிலரேட்டரை அழுத்தினால் 100 கிலோவாட் போகிறது. மின்னோட்டம் 285 ஆம்பியர். உள்ளே உண்டாகும் வெப்பம் சுமார் 8 கிலோவாட். ஆகவே, வீட்டு விளக்கும் விசிறியும் பேட்டரியைச் சூடாக்கி நாசமாக்கிவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. வீட்டுப் பயன்பாட்டில் எஞ்சுவது போய்வரும் மொத்த அளவு மட்டுமே. அந்த அளவை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

ஒரு காரை எடுத்துக்கொண்டு கணக்கிடுவோம்

60 யூனிட் கொள்ளளவு கொண்ட கார். ஒரு கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் செலவாகிறது; அதாவது முழு சார்ஜில் 400 கிலோமீட்டர். தினமும் 40 கிலோமீட்டர் ஓடுகிறது. நாளுக்கு 6 யூனிட். ஆண்டுக்குச் சுமார் 2,190 யூனிட். அதைக் கொள்ளளவால் வகுத்தால் ஏறத்தாழ 36 முழுச் சுழற்சிகள். சிறு சிறு இறக்கங்களைக் கூட்டி முழுச் சுழற்சியாக மாற்றிச் சொல்வதுதான் வழக்கம்.

இப்போது வீடு. வீட்டுக்கும் ஓர் இரவுக்கு 6 யூனிட் தேவை என்போம். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பன்னிரண்டு மணி நேரம், சராசரி 500 வாட். கார் ஓட்டத்துக்கும் 6, வீட்டுக்கும் 6. ஆகவே தேய்மானம் இரண்டு மடங்கு என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் காரிலிருந்து மின்சாரம் வெளியே போக வேண்டுமென்றால் கார் விழித்திருக்க வேண்டும். பேட்டரியை மற்ற பாகங்களோடு இணைக்கும் கனமான கான்டாக்டர்கள் மூடிய நிலையில் நிற்க, அவற்றின் சுருள்களில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரியைக் கண்காணிக்கும் கணினி, தகவல் பரிமாறும் கணினிகள், 12 வோல்ட் பேட்டரிக்கு ஊட்டும் மாற்றி, சில கார்களில் குளிர்நீர் பம்பு ஆகிய எல்லாம் ஓடும். வீடு 50 வாட் கேட்டாலும் 5,000 வாட் கேட்டாலும் இந்தச் செலவு பெரிதாக மாறாது. நான் அளந்த காரில் இது சுமார் 250 வாட். இதற்கு மேல், நேர் மின்சாரத்தை மாறு மின்சாரமாக்கும் இன்வெர்ட்டரின் இழப்பு. பல கிலோவாட்டுக்காக வடிவமைத்த இன்வெர்ட்டர் சில நூறு வாட்டில் ஓடும்போது அதன் திறன் நன்றாகவே குறைந்துவிடும்.

ஆக, இரவு முழுவதும் ஓட்டினால் நடப்பது இது. வீட்டுக்கு 6 யூனிட் போக, இன்வெர்ட்டரின் திறன் 85 சதவீதம் என்றால், அதற்கு 7 யூனிட் வேண்டும். கார் விழித்திருப்பதற்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் 3 யூனிட். பேட்டரியிலிருந்து மொத்தம் 10 யூனிட் வெளியேறுகிறது. அதைத் திரும்ப நிரப்பும்போது சார்ஜரிலும் ஒரு பங்கு போவதால், சுமார் 11 யூனிட் ஏற்ற வேண்டும். 11 கொடுத்து 6 வாங்குகிறோம்.

அதே 6 யூனிட்டை மாலை ஆறு முதல் பத்து வரை, சமையலும் குளிரூட்டியும் ஓடும் நேரத்தில் எடுத்தால் சராசரி 1,500 வாட். இன்வெர்ட்டர் தனக்கு உகந்த இடத்தில் ஓடுவதால் திறன் 93 சதவீதம், 6.5 யூனிட் போதும். கார் விழித்திருக்கும் செலவு நான்கு மணி நேரத்துக்கு 1 யூனிட். மொத்தம் 7.5. பத்து மணிக்குப் பிறகு வீடு வழக்கமான இணைப்புக்குத் திரும்ப, கார் தூங்கப் போய்விடுகிறது. வீட்டுக்குக் கிடைத்தது அதே 6 யூனிட். பேட்டரியின் உழைப்பில் கால் பங்கு மிச்சம்.

ஆண்டில் 300 இரவுகள் இப்படி ஓட்டினால், இரவு முழுவதும் எடுக்கும் வழியில் 3,000 யூனிட், அதாவது 50 முழுச் சுழற்சிகள் கூடுதல். மாலை மட்டும் எடுக்கும் வழியில் 2,250 யூனிட், சுமார் 37 சுழற்சிகள். கார் ஓடுவதால் வரும் 36க்கு மேல் இது. பத்து ஆண்டுகளில் முதலாவது 500, இரண்டாவது 375.

இந்தச் சுழற்சிகள் எத்தனை கிலோமீட்டரைத் தின்னும்? அது செல்லின் வேதியியலைப் பொறுத்தது. நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த செல்கள், சுருக்கமாக என்.எம்.சி., 1,500 முழுச் சுழற்சிகளில் 20 சதவீதம் இழப்பதாகக் கொஞ்சம் கடுமையாகவே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 500 சுழற்சிகளுக்குச் சுமார் 6.7 சதவீதம், 375 சுழற்சிகளுக்கு 5 சதவீதம். 400 கிலோமீட்டர் காரில் முறையே 27 கிலோமீட்டர், 20 கிலோமீட்டர். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள், அதாவது எல்.எஃப்.பி., இதைப்போல் இரண்டு மடங்காவது தாங்கும் என்று கொண்டால் 13 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். நாம் எடுப்பது ஆழமற்ற இறக்கம் என்பதால் உண்மையில் இதைவிடவும் குறையலாம். பத்து ஆண்டுகள் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலே வயதால் வரும் இழப்பு பெரும்பாலும் இந்த எண்களைத் தாண்டிவிடும்.

எனவே பேட்டரி செத்துவிடும் என்று யாராவது சொன்னால், நான் மறுப்பேன். ஒன்றுமே ஆகாது என்று சொன்னாலும் மறுப்பேன். 20 கிலோமீட்டர் என்பது உண்மையான இழப்பு. தினமும் 40 கிலோமீட்டர் ஓட்டுபவர் அதை உணரவே மாட்டார். முழு சார்ஜில் போய்ச் சேரும் தூரத்தை நம்பி வாரந்தோறும் நெடுந்தூரம் செல்பவர் உணர்வார்.

"எடுத்தால் ஆயுள் கூடும்" என்ற வாதம்

2017ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. ஹவாய் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, காரிலிருந்து தினமும் மின்சாரத்தைத் திருப்பி எடுத்தால் பேட்டரி விரைவில் தேயும் என்றது. இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழக ஆய்வு, சரியாக எடுத்தால் ஆயுள் கூடவும் செய்யும் என்றது. பலர் இவற்றில் தங்களுக்குப் பிடித்ததை மட்டும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த இரண்டு குழுக்களின் ஆய்வாளர்களும் அடுத்த ஆண்டே சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். இரண்டு முடிவுகளும் முரண்படவில்லை என்பதே அதன் சாரம். ஹவாய்க் குழு சோதித்தது, சார்ஜரின் முழு வேகத்தில், செல்லின் நிலையைப் பார்க்காமல் தினமும் எடுப்பதை. வாரிக் குழு கணக்கிட்டது, எப்போது எடுத்தால் செல்லுக்கு நல்லதோ அப்போது மட்டும் எடுப்பதை.

நல்லது எப்படி வரும்? 90 சதவீதம் நிரம்பிய கார் மாலை ஆறு மணிக்கு வீடு வந்து, மறுநாள் காலை வரை அப்படியே நின்றால், சும்மா நிற்பதால் வரும் முதுமை அந்த நேரம் முழுவதும் வேகமாக நடக்கும். அதிலிருந்து கொஞ்சம் எடுத்து 60 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் அந்த வேகம் குறைகிறது. இந்தச் சேமிப்பு, சுழற்சியால் வரும் தேய்மானத்தைவிட அதிகமாக இருந்தால் நிகரத்தில் லாபம்.

இது உண்மைதான். ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். அந்த லாபம் பேட்டரி 60 சதவீதத்தில் நின்றதால் வந்தது. வீட்டுக்குக் கொடுத்ததால் வந்ததல்ல. சார்ஜ் வரம்பை 90இலிருந்து 60க்கு முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால், வீட்டுக்கு ஒரு யூனிட்டும் கொடுக்காமலே அதே லாபம் முழுவதும் கிடைத்திருக்கும். ஆகவே வீட்டுக்குக் கொடுப்பதைப் பேட்டரி வைத்தியமாக விற்பவரை நம்ப வேண்டாம். ஏற்கெனவே வரம்பைக் குறைத்து வைத்திருப்பவருக்கு அது வெறும் தேய்மானம்தான். பகலில் கூரைச் சூரிய மின்சாரத்தால் காரை நிரப்பி, வேறு வழியில்லாமல் நிறைய சார்ஜோடு மாலையில் நிற்பவருக்கு மட்டும் அந்த வாதம் பொருந்தும்.

மணிக்கணக்கு

பேட்டரிக்கு வெளியே இன்னொரு எல்லை இருக்கிறது; அதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஃபோக்ஸ்வேகன் நிறுவனம் 2023 இறுதியில் ஜெர்மனியில் தன் ஐடி வரிசைக் கார்களுக்கு வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் வசதியைத் திறந்தபோது, அதோடு ஒரு வரம்பையும் வைத்தது: 10,000 யூனிட், அல்லது 4,000 மணி நேரம். இரண்டில் எது முதலில் வருகிறதோ, அதோடு சரி.

நம் கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். இரவு முழுவதும் ஓட்டினால் ஆண்டுக்கு 3,000 யூனிட். 10,000 தீர மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் ஒரு நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வீதம் ஆண்டுக்கு 3,600 மணி நேரம். 4,000 மணி நேரம் பதின்மூன்று மாதத்திலேயே முடிந்துவிடும். மாலை மட்டும் ஓட்டினால் ஆண்டுக்கு 1,200 மணி நேரம்; மூன்று ஆண்டு நான்கு மாதம் வரும். மின்வெட்டுக்கு மட்டும் என்றால் காரின் ஆயுளுக்குள் தீராது.

மணிக்கணக்கில் ஏன் வரம்பு வைக்க வேண்டும்? என் புரிதலில் அது செல்லுக்கான வரம்பு அல்ல. காரின் மற்ற பாகங்களுக்கானது. ஒரு கார் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது என்றால், பத்து ஆண்டுகளில் அது ஓடுவது 5,500 மணி நேரத்துக்கும் குறைவு. அந்தக் கணக்கில்தான் பம்பு, கான்டாக்டர், கணினிகள், 12 வோல்ட் மாற்றி எல்லாம் வடிவமைக்கப்படுகின்றன. சார்ஜ் ஏறும் மணிகளையும் கூட்டினாலும், தினமும் இரவு பன்னிரண்டு மணி நேரம் விழித்திருப்பது அவர்கள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு. செல் தாங்கும், செல்லைச் சுற்றியிருப்பவை தாங்குமா என்பதே கேள்வி. ஆகவே எந்தக் காராக இருந்தாலும் வாரண்டித் தாளில் இரண்டு இடங்களைத் தேடிப் படியுங்கள்: வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது அனுமதிக்கப்பட்ட பயன்பாடா, யூனிட்டிலோ மணியிலோ வரம்பு உண்டா. எட்டு ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர், 70 சதவீதக் கொள்ளளவு என்ற வழக்கமான வாக்குறுதி கிலோமீட்டரைத்தான் பேசுகிறது. வீட்டுக்குப் போன யூனிட்டுகளைப் பற்றித் தாள் எதுவும் பேசாமல் இருந்தால், அதை அனுமதி என்று நாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

மின்வெட்டுக்கு மட்டும்

இந்த வழியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை, அவ்வளவு தெளிவானது. ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை மின்சாரம் போய், ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து 5 யூனிட் எடுத்தால், மொத்தம் 60 யூனிட். ஒரே ஒரு முழுச் சுழற்சி. காரை 400 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம். பத்து ஆண்டு இப்படிச் செய்தாலும் தேய்மானம் அளவுகோலில் தெரியாது.

ஜப்பானில் 2011 நிலநடுக்கத்துக்கும் ஆழிப்பேரலைக்கும் பிறகு இந்த எண்ணம் வேகம் பிடித்தது. 2012இலேயே நிசான் லீஃப் காரிலிருந்து 6 கிலோவாட் வரை வீட்டுக்குக் கொடுக்கும் கருவியை நிச்சிகான் என்ற நிறுவனம் செய்து கொடுத்தது. அன்றைய லீஃபில் பேட்டரி 24 யூனிட்தான். அதை வைத்தே ஒரு வீடு ஒன்றிரண்டு நாள் தாக்குப்பிடிக்கும் என்றார்கள். இன்றைய காரில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று உண்டு. சில கார்களில் வெளியே ஒரு சாக்கெட் இருக்கும். ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவற்றில் அது சுமார் 3.6 கிலோவாட் தரும். அதிலிருந்து நீட்டிப்பு வயரில் குளிர்சாதனப் பெட்டியையோ விளக்கையோ நேரடியாக ஓட்டலாம். அந்த வயரைக் கொண்டுபோய் வீட்டுச் சுவரில் உள்ள சாக்கெட்டில் செருகி, வீட்டு வயரிங் முழுவதற்கும் மின்சாரம் ஏற்றலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். செய்யவே கூடாது. தெருக் கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி மேலே ஏறியிருக்கும் தொழிலாளிக்கு நம் வீட்டிலிருந்து மின்சாரம் போய்ச் சேரும். பொது மின்சாரம் திரும்பி வரும் நொடியில் காரின் இன்வெர்ட்டர் அதோடு மோதும். வீட்டை முழுவதும் ஓட்ட வேண்டுமென்றால், தெருவையும் காரையும் ஒருபோதும் சேரவிடாத மாற்றுச் சுவிட்ச் வேண்டும். அதை உரிமம் பெற்ற மின்பணியாளர் பொருத்த வேண்டும்.

தனி பேட்டரியோடு நிறுத்திப் பார்த்தால்

சுவரில் மாட்டும் 10 யூனிட் எல்.எஃப்.பி. பேட்டரி அதே 6 யூனிட்டை ஒவ்வோர் இரவும் கொடுத்தால், அதற்கு நாளுக்கு 0.6 முதல் 0.7 சுழற்சி, 300 இரவுகளில் சுமார் 200. காரின் 50 சுழற்சியோடு ஒப்பிட்டால் இது நான்கு மடங்கு. சின்னப் பேட்டரி அதிகம் உழைக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அதை அந்த உழைப்புக்கென்றே செய்திருக்கிறார்கள். அது தினமும் சுழல்வதை எதிர்பார்த்தே வாரண்டி எழுதப்படுகிறது. விழித்திருப்பதற்கு அது எடுப்பது சில பத்து வாட்டுகள், 250 அல்ல. 300 வாட் இரவுச் சுமையை அது 12 மணி நேரம் சுமக்கும்போது வீணாவது மிகக் குறைவு. கார் வெளியூர் போனாலும் அது வீட்டில் இருக்கும்.

காரிடம் இருப்பது கொள்ளளவு. 60 யூனிட்டை வீட்டுப் பேட்டரியாக வாங்க வேண்டுமென்றால் அதே பெட்டியில் ஆறு வேண்டும். இரண்டு நாள் மின்வெட்டில் 10 யூனிட் பெட்டி முதல் நாளே கை விரித்துவிடும்.

அதனால் என் தேர்வு இப்படி அமைகிறது. காரை மின்வெட்டுக்கு வைத்துக்கொள்வதற்கு நான் ஒரு கணமும் தயங்க மாட்டேன். மாலை உச்ச நேரத்தில் மின்கட்டணம் வெகுவாக ஏறும் இடமாகவும், காரில் எல்.எஃப்.பி. செல்களாகவும், வாரண்டி எழுத்தில் அனுமதிப்பதாகவும் இருந்தால், மாலை நான்கு மணி நேரத்துக்கும் பயன்படுத்துவேன். இந்த மூன்றில் வாரண்டி இல்லையென்றால் மற்ற இரண்டும் இருந்தும் செய்ய மாட்டேன். உச்ச நேரத்துக்கும் சாதாரண நேரத்துக்கும் கட்டண வேறுபாடு சிறிதாக இருந்தால், 8 யூனிட்டுக்கு மேல் ஏற்றி 6 எடுப்பதில் அந்த வேறுபாடே கரைந்துவிடும். பேட்டரித் தேய்மானத்தைக் கணக்கில் சேர்க்கும் முன்பே நட்டம். நள்ளிரவுச் சில்லறைச் சுமையைக் காரில் ஓட்டுவதை மட்டும் எந்தக் கணக்கிலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அந்த வேலைக்குச் சின்னப் பெட்டிதான் சரி; அல்லது வழக்கமான மின் இணைப்பே போதும்.

தொடங்குபவர் பார்க்க வேண்டியவை

மாலைப் பயன்பாட்டைத் தேர்ந்தால், கீழ் எல்லையைத் தாராளமாக வையுங்கள். நான் 40 சதவீதத்தில் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். நள்ளிரவில் மருத்துவமனைக்குப் போக நேர்ந்தாலும் 150 கிலோமீட்டருக்கு மேல் கையில் இருக்கும். செல்லும் ஆழமாக இறங்காது. மேல் எல்லை 70 அல்லது 80. வீட்டுச் சுமை 500 வாட்டுக்குக் கீழே இறங்கி, கால் மணி நேரம் அப்படியே இருந்தால் தானாக நிற்கும்படி அமைக்க முடிந்தால் அமைத்துவிடுங்கள். நேரக் கட்டுப்பாட்டைவிட அது நல்ல பலன் தருகிறது. வீட்டில் யாரும் இல்லாத மாலைகளில் கார் வீணாக விழித்திருக்காது.

எல்.எஃப்.பி. கார்களில் ஒரு தனித் தொல்லை உண்டு. அந்தச் செல்லின் மின்னழுத்தம் நடுப்பகுதியில் ஏறத்தாழ சமதளமாக இருப்பதால், எத்தனை சதவீதம் மீதி என்பதைக் கணினி நேரடியாகப் பார்க்க முடியாது. போன ஆம்பியர், வந்த ஆம்பியர் என்று எண்ணிக்கொண்டே வருகிறது. தினமும் 70க்கும் 40க்கும் இடையில் மணிக்கணக்கில் மிகச் சிறிய மின்னோட்டத்தை எடுத்தால், அந்த எண்ணிக்கையில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். 40 என்று காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 27க்கு விழுந்தால் அதுதான் காரணம். பேட்டரி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில் முழுவதும் நிரப்பி, சற்று நேரம் விட்டால் கணக்கு நேராகிவிடும். பல எல்.எஃப்.பி. கார்களுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய ஒரு வாரம். நிரப்பிய பிறகு அதை நாள்கணக்கில் அப்படியே நிறுத்தாமல் ஓட்டிவிடுங்கள்.

உறைபனி விழும் இடத்தில் இருப்பவர்கள், இரவு கொடுத்ததை விடியற்காலைக் குளிரில் வேகமாகத் திருப்பி ஏற்ற வேண்டாம். குளிர்ந்த செல்லில் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழையாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அது திரும்பக் கிடைக்காத இழப்பு. பேட்டரியைச் சூடாக்கும் வசதியுள்ள கார்கள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். அந்தச் சூடாக்கலும் யூனிட் கணக்கில் வரும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், வீட்டுக்கு முதல் யூனிட்டைக் கொடுப்பதற்கு முன்பே ஓர் அளவு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரை 10 சதவீதம் வரை ஓட்டி இறக்கி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்து, மெதுவான சார்ஜரில் 90 வரை ஏற்றுங்கள். சார்ஜர் மீட்டரில் எத்தனை யூனிட் போனது, அன்றைய வெப்பநிலை என்ன, ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். நம் 60 யூனிட் காரில் இந்த 80 சதவீதத்துக்கு, சார்ஜர் இழப்பையும் சேர்த்து, 53 யூனிட் அளவில் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதே சார்ஜரில், ஏறத்தாழ அதே வெப்பநிலையில், அதே எல்லைகளுக்குள் மறுபடி அளக்க வேண்டும். திரையில் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம்; அது போன வாரம் நீங்கள் எப்படி ஓட்டினீர்கள் என்பதற்கேற்ப மாறும்.

53 யூனிட் ஓர் ஆண்டில் 52 ஆனால் அது வயதோடு வரும் இயல்பான இறக்கம். இரண்டு, மூன்று ஆண்டுகள் மெதுவாக இறங்கி வந்தது, ஓர் ஆறு மாதத்தில் மட்டும் முன்பைவிட இரண்டு மூன்று மடங்கு வேகமாக இறங்கினால், வீட்டுக்குக் கொடுப்பதை உடனே நிறுத்திவிட்டு, ஒவ்வொரு செல் தொகுதியின் மின்னழுத்தமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கிறது என்று சேவை நிலையத்தில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு தொகுதி மட்டும் பின்தங்கியிருந்தால், பெரும்பாலும் அது வாரண்டியில் மாற்ற வேண்டிய குறை. எல்லாம் சேர்ந்து இறங்கியிருந்தால், அந்த ஆறு மாதத்தில் கார் எத்தனை மணி நேரம் வெயிலில் முழு சார்ஜோடு நின்றது என்பதை முதலில் விசாரிக்க வேண்டும். வீட்டுக்குப் போன யூனிட்டுகளை அடுத்தபடியாகப் பார்க்கலாம்.